ஆச்சியின் சூரியனும் டாக்டரின் சூரியனும்

*எங்கள் ஆச்சிக்கு 78 வயது. சர்க்கரை, பிரஷர், தைராய்டு மூன்றும் உண்டு. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். மாத்திரை அட்டையில் இருக்கும் ஆங்கிலம் தெரியாது. திருநெல்வேலியில் அத்தையோடு இருக்கிறார், நான் சென்னையில். எல்லோருக்கும் புரியட்டும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் போட்டு வைத்தேன்:*

🌞🍽️💊💊💊💊
🌙🍽️💊💊

*காலையில் தைராய்டு (லீவோதைராக்சின் 50), சர்க்கரை (கிளிமிபிரைடு 1, மெட்ஃபார்மின் 500 சேர்ந்தது), பிரஷர் (டெல்மிசார்டன் 40), கால்சியம் 500. இரவில் மெட்ஃபார்மின் 500, அட்டோர்வாஸ்டேட்டின் 10. கால்சியம் சீட்டில் மதியம்தான்; அத்தை வேலைக்குப் போய்விடுவதால் காலையோடு சேர்த்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை காலை 8.45-க்கு ஆச்சிக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்கியது. மெஷினில் பார்த்தால் சர்க்கரை 58. "படத்துல இருக்கிறபடிதானே சூரியன் வந்ததும் போட்டேன்" என்கிறார். படம் போட்டது தப்பா? எப்படித் திருத்துவது?*

ஆச்சி சொன்ன அந்த ஒரு வரியிலேயே விஷயம் முழுக்க இருக்கிறது. நீங்கள் போட்ட 🌞 உங்களுக்குக் "காலை டிபன் நேரம்". ஆச்சிக்கு அது சூரியன். நெல்லையில் சூரியன் 6 மணி வாக்கில் எழுகிறது. அவரும் அதோடு எழுந்து நான்கையும் ஒன்றாக வாயில் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை என்றால் குளித்து, விளக்கேற்றி, சாமி கும்பிட்ட பிறகுதான் தட்டு வந்திருக்கும். மற்ற நாட்களில் ஏழரைக்கே இட்லி வந்துவிடுவதால் தப்பித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அத்தையிடம் கேட்டுப் பாருங்கள்.

கிளிமிபிரைடு என்ற மருந்து, சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று பார்த்துக்கொண்டு வேலை செய்வதில்லை. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது அதன் வேலை. விழுங்கி இரண்டு, மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகும். 6 மணிக்கு விழுங்கியது 8.45-க்கு எங்கே நிற்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். அந்த நேரத்தில் வயிற்றில் இருந்தது ஒரு டம்ளர் காப்பி. அதனால்தான் இதைக் காலைப் பலகாரத்துக்குச் சற்று முன்னால், தட்டு கண்ணுக்குத் தெரியும்போது போட வேண்டும் என்று நாங்கள் மருந்தகத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். உங்கள் படத்திலும் 🍽️ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சாப்பிடும் முன்பா, பின்பா, சாப்பிடும்போதா? அந்த மூன்றில் எதையும் அது சொல்லவில்லை.

படத்தைத் திருத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்த 58-ஐ டாக்டரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அடுத்த மாத செக்கப் வரை வைத்திருக்க வேண்டாம். வயதானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தவர்களுக்கு, கிளிமிபிரைடு உடம்பில் நெடுநேரம் தங்கிவிடும். 78 வயதில் சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பதைவிட தாழ்சர்க்கரை வராமல் பார்ப்பதுதான் பெரிது என்று பல டாக்டர்கள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை 8 வரைக்கும் விட்டுவிடுவார்கள். இந்த மாத்திரையையே குறைக்கலாமா, மாற்றலாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கடைசியாக எப்போது பார்த்தது என்றும் கேளுங்கள்.

மறுபடி வந்தால் என்ன செய்வது என்பது அத்தைக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். மெஷினில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு தடவை. ஏறிய பிறகு இட்லியோ சோறோ சாப்பிட வைக்க வேண்டும், ஏனென்றால் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துவிடும், மாத்திரை தீராது. அன்றைக்கு முழுக்க ஆச்சியைத் தனியாக விட வேண்டாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். இன்னொன்று: வியர்வையும் நடுக்கமும் வந்தது ஆச்சியின் அதிர்ஷ்டம். வயதானவர்களிடம் அது சில சமயம் வெறும் பேச்சுக் குழறலாக, காரணமில்லாத கோபமாக, "இது எந்த ஊரு?" என்ற கேள்வியாகத்தான் வரும். வயசாயிற்று என்று விட்டுவிடுவோம். அப்படி ஏதாவது கண்டால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள்.

இனி படத்துக்கு வருவோம். படம் போட்டது தப்பே இல்லை. எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக மருந்துப் படங்கள் வரைவது பழைய வழக்கம்தான். அமெரிக்காவின் மருந்துத் தர நூலை வெளியிடும் யு.எஸ்.பி. அமைப்பு இதற்கென்றே 81 படங்களை வரைந்து வைத்திருக்கிறது. அந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வது ஒன்றுதான்: படத்தை நீட்டிவிட்டு வந்துவிட்டால் ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுப்பார்கள், படத்தோடு உட்கார்ந்து வாயால் சொன்னால் நிற்கும். நீங்கள் சென்னையிலிருந்து நீட்டிவிட்டீர்கள்.

உங்கள் அட்டவணையின் அடிப்படைக் கோளாறு, அது வானத்தைப் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது. டாக்டர் சீட்டில் 1-0-1 என்று எழுதும்போது அவர் மனதில் இருப்பது சூரியனும் நிலாவும் இல்லை, இட்லியும் இரவுச் சாப்பாடும். ஆச்சியின் நாளையும் அப்படியே அவர் செய்கிற காரியங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: எழுந்து வாய் கொப்பளிப்பது, காப்பி, பலகாரத் தட்டு, இரவுத் தட்டு. மாத்திரைகளை அந்தக் காரியங்களில் மாட்டுங்கள். சூரியனும் நிலாவும் வெறும் அடையாளத்துக்கு ஓரமாக இருந்துகொள்ளட்டும்.

அப்படி மாட்ட ஆரம்பித்தால் முதலில் இடிப்பது தைராய்டு மாத்திரை. அது வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், காப்பிக்கும் பலகாரத்துக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போக வேண்டியது. காப்பியோடு போனாலே அது உடம்பில் சேர்வது குறையும். கால்சியம் கூடச் சேர்ந்துகொண்டால் இரண்டும் குடலில் ஒட்டிக்கொண்டு தைராய்டு மருந்தின் ஒரு பகுதி வீணாகப் போகும். அதனால்தான் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடச் சொல்கிறோம். டாக்டர் கால்சியத்தை மதியத்தில் வைத்தது சும்மா அல்ல. நீங்கள் அதைக் காலையோடு சேர்த்ததும் பாசத்தில் செய்ததுதான், எனக்குத் தெரிகிறது. நான் பார்க்கிற வீடுகளில் பாதிப் பேர் "ஒரே தடவையா முடியட்டும்" என்று இதையே செய்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எத்தனை மாதமாக இப்படிச் சேர்த்துப் போடுகிறார்? இந்த இடைவெளியில், தைராய்டு குறையும்போது ஏறுகிற டிஎஸ்ஹெச் அளவு பரிசோதனையில் ஏறியிருந்து, டாக்டர் அதைப் பார்த்து 25-ஐ 50 ஆக்கியிருந்தால், அந்த 50 என்பது வீணாகிறதையும் சேர்த்துக் கட்டிய அளவு. இப்போது நீங்கள் நேரத்தைச் சரி செய்தால் மருந்து முழுதாக உள்ளே போகும், 50 அதிகமாகிவிடலாம். வயதானவர்களுக்கு அது நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று வரும், இதயத் துடிப்பின் தாளத்தையே தப்ப வைக்கும். ஆகவே "இதுவரை கால்சியத்தோடு சேர்த்துப் போட்டோம், இன்ன தேதியிலிருந்து மாற்றுகிறோம்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் மறுபடி பார்க்க வேண்டும்.

கால்சியத்தை எங்கே வைப்பது? மதியம் அத்தை வீட்டில் இல்லை என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாதாரணக் கால்சியம் கார்பனேட் மாத்திரைக்குச் சாப்பாடு வேண்டும், தைராய்டுக்கு எட்டத்தில் இருக்க வேண்டும்; இரவுத் தட்டில் இரண்டும் கிடைக்கிறது. அவர் சரி என்றால் மதிய வரியே தேவையில்லை. வரி குறையக் குறைய ஆச்சிக்கு நல்லது.

நான் எழுதியிருந்தால் குழுவில் இப்படிப் போட்டிருப்பேன்:

🌅 எழுந்ததும்
தைராய்டு 1 + 💧
⏳ 1 மணி நேரம்
பிறகு ☕

🍽️ காலைப் பலகாரம்
தட்டு வந்ததும்: காலைச் சர்க்கரை 1
சாப்பிட்டு முடித்ததும்: பிரஷர் 1

🌙🍽️ இரவுச் சாப்பாடு
சாப்பிட்டு முடித்ததும்: இரவுச் சர்க்கரை 1, கொழுப்பு 1, கால்சியம் 1

பலகாரம் தள்ளிப்போனால் காலைச் சர்க்கரை மாத்திரையும் தள்ளிப்போகும்.

💊 படத்தை அடியோடு எடுத்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். அது சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கேப்ஸ்யூல். ஆச்சியின் ஆறு மாத்திரையில் ஒன்றுகூட அப்படி இருக்காது. எங்கள் மருந்தகத்துக்கு ஒரு தாத்தா வந்தார். மகன் அனுப்பிய படத்தைக் காட்டி, "இந்தச் செவப்பு மாத்திரை மட்டும் எங்கிட்ட இல்ல, அதைக் குடுங்கம்மா" என்றார். அவர் கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. அதோடு, 💊💊 என்றால் ஒரே மாத்திரையில் இரண்டா, இரண்டு வகையா என்பதும் யாருக்கும் தெரியாது. ஆச்சிதான் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாரே, அப்புறம் ஏன் படத்தைக் கட்டி இழுக்க வேண்டும்? "பிரஷர் 1" என்பதை அவர் படித்துவிடுவார். மாத்திரையின் நிறத்தை வைத்து ⚪🟡 என்று போடலாமே என்று தோன்றும். வேண்டாம். கடையில் அடுத்த முறை வேறு கம்பெனி கொடுத்தால் வெள்ளை மஞ்சளாகிவிடும்.

சர்க்கரைக்குக் காலை, இரவு என்று பெயர் பிரித்ததற்குக் காரணம் உண்டு. இரண்டும் "சர்க்கரை மாத்திரை"தான், ஆனால் கிளிமிபிரைடு காலையில் மட்டும். இரண்டு அட்டையும் மாறி, கிளிமிபிரைடு உள்ளது இரவில் போய்விட்டால், எல்லோரும் தூங்கும் 2 மணிக்குச் சர்க்கரை இறங்கும். காலையில் நனைந்த ரவிக்கையும் தலைவலியும்தான் மிஞ்சும். ஆகவே அந்த இரண்டு அட்டையையும் ஒரே டப்பாவில் வைக்கவே கூடாது. காலை மாத்திரைகளுக்கு ஒரு டப்பா, மூடியில் மார்க்கர் பேனாவால் தட்டும் சூரியனும். இரவுக்கு ஒரு டப்பா, மூடியில் தட்டும் நிலாவும். தைராய்டு இரண்டிலும் வேண்டாம், தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் தனியாக இருக்கட்டும். குழுவில் இருக்கும் படமும் மூடியில் இருக்கும் படமும் ஒன்றாக இருந்தால்தான் இந்த வேலைக்கே அர்த்தம். அட்டையைக் கத்தரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் ஓரத்தை வெட்டிப் போட்டுவிடாதீர்கள்.

வரிகளை ஏன் இப்படி ஒடித்து ஒடித்துப் போட்டேன் என்றால், ஆச்சி பார்ப்பது அத்தையின் போனில், எழுத்தைப் பெரிதாக்கி வைத்து. நீங்கள் 💊➡️🍽️ என்று ஒரே வரியில் அழகாகப் போடுவீர்கள். பெரிய எழுத்தில் அம்புக்குறி ஒரு வரியிலும் தட்டு அடுத்த வரியிலும் விழும். முன், பின் என்ற வரிசைதான் மருந்தில் முக்கியம், அதுவே கலைந்துவிடும். 🌅 படத்துக்கும் 🌇 படத்துக்கும் வித்தியாசம் தெரிய நல்ல கண்ணாடி வேண்டும். ஒன்று உதயம், இன்னொன்று அந்தி. கைதவறி மாற்றிப் போட்டுவிட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள். அதனால்தான் 🌅-க்குப் பக்கத்திலேயே "எழுந்ததும்" என்று எழுதினேன்.

போட்டு முடித்ததும் ஆச்சியிடம் வீடியோ அழைப்பில் உட்காருங்கள். "புரிஞ்சுதா ஆச்சி?" என்று மட்டும் கேட்காதீர்கள், பேரனோ பேத்தியோ கேட்டால் எந்த ஆச்சியும் புரிந்தது என்றுதான் சொல்வார். "நாளைக்குக் காலம்பற எந்திரிச்சதும் என்ன பண்ணுவீங்க, எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். அவர் எந்த டப்பாவைத் தொடுகிறார் என்று பாருங்கள். அடுத்து, "வெள்ளிக்கிழமை பூசை முடிய ஒன்பது மணி ஆயிட்டா?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியில் தடுமாறினால் அட்டவணை இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். தவறு ஆச்சியிடம் இல்லை.

அடுத்தது குழு. நீங்கள் எழுதவில்லை என்றாலும் இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு, எனக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். காலையில் யாரோ "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் பெரியப்பா 👍 போடுவார். அது "கேள்வியைப் பார்த்தேன்" என்பதா, "போட்டாச்சு" என்பதா? கொடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் நினைத்தால் மாத்திரை தவறும். யாரும் கொடுக்கவில்லை என்று நினைத்தால் இரண்டாவது தடவை போகும். பிரஷர் மாத்திரை ஒருநாள் தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கிளிமிபிரைடு இரண்டு போனால் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டி வரலாம். ஆகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: ✅ போடும் உரிமை கையால் கொடுத்தவருக்கு மட்டும், அதாவது அத்தைக்கு. அதையும் வேளை சொல்லிப் போடட்டும்: 🍽️✅, 🌙✅. மற்றவர்கள் அந்தச் செய்திக்குக் கட்டைவிரலோ இதயமோ பூவோ எதுவும் போட வேண்டாம். சந்தேகம் வந்தால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணியும் தெளியவில்லை என்றால் அந்த வேளை காலைச் சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். விட்டதை அடுத்த வேளையில் சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது.

அட்டவணையைக் குழுவின் உச்சியில் பின் குத்தி வைப்பீர்கள் என்றால் அது 30 நாளுக்கு மேல் நிற்காது, தானே இறங்கிவிடும். குழு விவரம் எழுதும் இடத்தில் போட்டால் யாராவது மாற்றும் வரை இருக்கும். மேலே "இந்தத் தேதி முதல்" என்று ஒரு வரி எழுதுங்கள், டாக்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதையும் மாற்றுங்கள். பழைய படம் குழுவில் எங்கோ கிடக்கிறதே, அதை நீக்கப் பாருங்கள். அனுப்பி நாளாகிவிட்டால் எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்க வாட்ஸ்அப் விடாது. அப்போது அத்தையின் போனிலாவது அதை அழித்துவிடச் சொல்லுங்கள். ஆச்சி பார்ப்பது அந்தப் போனைத்தானே.

இந்தப் பட பாஷையில் ஒருபோதும் எழுதக்கூடாத மருந்துகளும் உண்டு. வாரம் ஒரு நாள் போடுகிற மெத்தோட்ரெக்சேட் அதில் முதலாவது. மூட்டு வாதத்துக்குக் கொடுப்பது, தினமும் போட்டு உயிரே போயிருக்கிறது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து அளவை மாற்றும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, இன்சுலின், "தேவைப்பட்டால் மட்டும்" என்று எழுதிய மாத்திரை இவையும் அப்படித்தான். ஆச்சிக்கு இப்போது இவை இல்லை. நாளைக்கு வந்தால் தமிழில், கிழமை சொல்லி, தனித்தாளில் எழுதி டப்பாவோடு ஒட்டுங்கள்.

இந்த வாரம் மூன்று நாள், வெள்ளியையும் சேர்த்து, பலகாரத்துக்கு முன்பும் 11 மணிக்கும் மெஷினில் பார்த்து அளவை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளோடும் ஆறு மாத்திரை அட்டைகளோடும் அத்தையை டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். உங்கள் பழைய படத்தையும் காட்டட்டும், ஆச்சி அதை எப்படிப் படித்தார் என்றும் சொல்லட்டும்.